போன் குப்பையில் இவ்வளவு தங்கம் இருந்தும் வரத்து ஏன் கூடவில்லை?

சேகர்_வடபழனி

தங்கம் விலை போகிற போக்கைப் பார்த்துத்தான் இந்தக் கேள்வி. ஒரு டன் தாதுவில் சில கிராம் தங்கம்தான் இருக்குமாம். ஒரு டன் பழைய செல்போனில் 200 கிராமுக்கு மேல் இருக்கிறது என்று எங்கே பார்த்தாலும் எழுதுகிறார்கள். டோக்கியோ ஒலிம்பிக் பதக்கங்களையே பழைய போன், லேப்டாப்பிலிருந்து எடுத்த உலோகத்தில் செய்தார்கள். அப்படியானால் விலை ஏற ஏற இந்தக் குப்பையிலிருந்து வரும் தங்கமும் கூடி, விலை கொஞ்சமாவது இறங்க வேண்டாமா? எங்கே இடிக்கிறது?

கணக்கன்

இடிக்கிறது ஒன்றும் இல்லை, செய்ய ஆள் இல்லை, அவ்வளவுதான். ஒரு போன் 150 கிராம் என்றால் டன்னுக்கு 6,600 போன். ஒன்றில் 0.03 கிராம் தங்கம், ஆக 200 கிராம். கிராம் 10,000 ரூபாய் என்று குறைத்து வைத்தாலும் 20 லட்சம். ஆசிட் செலவு அதில் இருபதில் ஒரு பங்கு கூட ஆகாது. பூமியை மூன்று கிலோமீட்டர் தோண்டுகிறவன் லாபம் பார்க்கும்போது மேசை மேல் கிடக்கிற தாதுவில் லாபம் இல்லை என்றால் நம்ப முடியவில்லை. சுரங்கக் கம்பெனிகளுக்கு இது வளர்வதில் விருப்பம் இருக்காது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மீனாட்சிசுந்தரம்

தம்பி, குப்பையில் எடுத்த தங்கத்தை நகைக்கடையில் கலந்து விற்கிறார்களா? மகளுக்குத் தை மாதம் கல்யாணம். நகை வாங்கும்போது இதை எப்படிக் கண்டுபிடிப்பது? மாற்று குறையுமா?

உலைக்களம்

மீனாட்சிசுந்தரம் ஐயா, கவலையே வேண்டாம். சுத்திகரித்து 999 ஆன பிறகு அது சுரங்கத்தில் இருந்து வந்ததா, பாட்டி சங்கிலியா, போனா என்று எந்தச் சோதனையாலும் சொல்ல முடியாது. நீங்கள் 916 ஹால்மார்க்கும் பில்லும் பார்த்து வாங்கினால் போதும்.

சேகர் கேள்விக்கு வருகிறேன். எலக்ட்ரானிக் ஸ்கிராப்பில் தங்கம் எவ்வளவு என்று அளக்கும் லேபில் பல வருடம் இருந்தவன். அதனால் கொஞ்சம் நீளமாகத்தான் எழுதுவேன்.

முதலில் வரத்து. உலகத்தில் ஓர் ஆண்டில் சுரங்கத்திலிருந்து வருவது சுமார் 3,600 டன். பழைய தங்கம் திரும்பி வருவது, 2023-ஐ எடுத்துக்கொண்டால், 1,200 டன்னுக்குக் கொஞ்சம் மேல். இந்தத் திரும்பி வரும் தங்கத்தில் பத்தில் ஒன்பது பங்கு நகையும் காசும் கட்டியும். மின்கழிவு மீதிப் பத்தில் ஒரு பங்குக்குள் அடங்கிவிடும். விலை ஏறினால் வரத்து கூடும் என்று நீங்கள் சொன்னது நகைக்குச் சரி. விலை உச்சத்தில் இருக்கும்போது பீரோவிலிருக்கும் வளையல் அடுத்த நாளே கடைக்கு வந்துவிடும். ஆனால் அதற்காக யாரும் போனைத் தூக்கிப் போடுவதில்லை. அதில் இருக்கும் தங்கம் கணக்கன் போட்ட கணக்கிலேயே முந்நூறு ரூபாய்.

இன்னொன்று, மேல்வரம்பு. எலக்ட்ரானிக்ஸ் தொழில் ஆண்டுக்கு வாங்கும் தங்கமே 250 டன் சுமார்தான். போன தலைமுறைச் சாதனங்களில் வைத்தது அத்தனையும் ஒரு கிராம் சிந்தாமல் திரும்பி வந்தாலும் சுரங்கத்தின் பதினைந்தில் ஒரு பங்கு அளவில்தான் நிற்கும். நிஜத்தில் அதில் சிறு பகுதிதான் வருகிறது. ஐ.நா. அமைப்புகள் வெளியிடும் மின்கழிவு அறிக்கைப்படி 2022-இல் உலகத்தில் உண்டான மின்கழிவு 62 மில்லியன் டன், அதில் முறையாகச் சேகரித்து மறுசுழற்சிக்குப் போனதாகக் கணக்கில் இருப்பது 22.3 சதவீதம்.

கணக்கன்

வரத்து சின்னது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் என் 20 லட்சம் கணக்குக்குப் பதில் இல்லையே. தரம் நூறு மடங்கு உயர்வா இல்லையா?

உலைக்களம்

உயர்வுதான். ஆனால் நீங்கள் சொல்வது ஒரு டன் போன் ஏற்கெனவே உங்கள் வாசலில், பிரித்து, சும்மா கொட்டிக் கிடக்கும்போது. தாது ஒரே இடத்தில் கிடக்கிறது, போனோ 6,600 வீட்டு மேசை டிராயரில் கிடக்கிறது.

சேகர் சொன்ன டோக்கியோவையே எடுங்கள். ஏப்ரல் 2017 முதல் மார்ச் 2019 வரை இரண்டு வருடம், நாடு முழுக்க நகராட்சிகளையும் போன் கடைகளையும் இறக்கிச் சேகரித்தார்கள். நகராட்சிகள் வழியாக வந்த சின்னச் சாதனங்கள் 78,985 டன். போன்கடைகள் வழியாக வந்த செல்போன்கள் 62 லட்சத்துக்கு மேல். பதக்கத்துக்குக் கிடைத்த தங்கம் 32 கிலோ. வகுத்துப் பார்த்தால் டன்னுக்கு அரை கிராம் கூட இல்லை. இது சுமாரான சுரங்கத் தாதுவை விடக் கீழே. ஏனென்றால் மக்கள் கொண்டு வந்து கொடுப்பது போன் மட்டும் இல்லை. ஹேர் டிரையர், டிவிடி பிளேயர், கேமரா, சார்ஜர் எல்லாம் வரும். பெரும்பாலும் பிளாஸ்டிக்கும் இரும்பும்.

கணக்கன்

பொறுங்கள், பொறுங்கள். 62 லட்சம் போனை 0.03 கிராமால் பெருக்கினாலே 186 கிலோ வருகிறது. 32 கிலோதான் கிடைத்தது என்றால் ஐந்தில் நான்கு பங்கு எங்கே போனது? ஒன்று அந்த 0.03 பொய், இல்லை 32 கிலோ என்பது பதக்கத்துக்கு ஒதுக்கியது மட்டும்.

உலைக்களம்

நல்ல கேள்வி. 32 என்பது பதக்கத்துக்காகக் கணக்கு வைத்த உலோகம், சேகரித்த பொருளில் இருந்த மொத்தத் தங்கம் என்று படிக்கக் கூடாது என்பது என் எண்ணமும். அதனால் அந்த அரை கிராமைத் தாதுத் தரம் மாதிரி எடுத்துக்கொண்டு சண்டை போட வேண்டாம், திரும்பப் பெறுகிறேன். ஆனால் 186 கிலோவும் நடக்காது. மடித்து மூடும் பழைய போனில் ஒரு அளவு, மலிவான போனில் வேறு அளவு. 0.03 என்பது ஒரு சராசரி. அப்புறம் வழியில் நழுவுவது இருக்கிறதே, அதுதான் பெரிய கதை.

ஜெயந்தி_ஆர்

வழியில் நழுவுவதா? உலோகம் ஆவியாகவா போய்விடும்?

உலைக்களம்

ஆவி இல்லை, தூசி. போனில் தங்கம் கட்டியாக எங்கும் இல்லை. போர்டில் பூசியிருக்கும் இடத்தில் அதன் கனம் ஒரு மைக்ரானில் இருபதில் ஒரு பங்கு. கனெக்டரில் கொஞ்சம் அதிகம். சிப்புக்குள்ளே தலைமுடியை விட மெல்லிய கம்பி, அதிலும் 2010-ஐ ஒட்டித் தங்கத்துக்குப் பதில் செம்புக் கம்பிக்கு நிறைய பேர் மாறிவிட்டார்கள். விலை ஏறினால் வரத்து கூடுவதற்கு முன்னால் இதுதான் நடக்கும்: தயாரிப்பவன் தங்கத்தைக் குறைத்துவிடுவான். பத்து வருடம் கழித்து நம் கைக்கு வரும் குப்பை இன்னும் மெலிந்திருக்கும்.

இப்போது கலந்த குப்பையை மொத்தமாக ஷ்ரெடரில் போடுகிறார்கள் என்று வையுங்கள். இரும்புக்குக் காந்தம், அலுமினியத்துக்கு வேறு கருவி, மீதி பிளாஸ்டிக். போர்டு நொறுங்கும்போது இந்தப் பூச்சு உதிர்ந்து எல்லாவற்றிலும் ஒட்டிக்கொள்ளும். இரும்போடு போன தங்கம் இரும்பு உலைக்குப் போகும், பிளாஸ்டிக்கோடு போனது எரிந்து சாம்பலாகும். ஜெர்மனியில் ஓர் ஆலையில் இதை உட்கார்ந்து அளந்து 2009-இல் வெளியிட்டார்கள். உள்ளே போன தங்கத்தில் கால்வாசிதான் மீட்கக்கூடிய பிரிவுகளுக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. முக்கால்வாசி, அமிலமோ உலையோ பார்ப்பதற்கு முன்பே போய்விட்டது.

ஷ்ரெடர் வேண்டாம், கையால் பிரிக்கலாமே என்றால் செய்யலாம், போர்டு முழுசாக வரும். ஆனால் ஐரோப்பியக் கூலியில் ஒரு போனைக் கையால் பிரித்தால் உள்ளே இருக்கும் தங்கத்தின் விலை கூலிக்கே சரியாகிவிடும். நம் ஊரில் கூலி கட்டுப்படியாகும். அதனால்தான் பிரிப்பதை இங்கே செய்துவிட்டு போர்டை மட்டும் பெரிய உருக்காலைக்கு அனுப்பலாம் என்ற யோசனை ரொம்ப வருடமாக இருக்கிறது.

ரிச்சி_ரவி

நடுவில் வருகிறேன், மன்னிக்கவும். நான் மொபைல் சர்வீஸ் செய்கிறேன். நீங்கள் எல்லோரும் செத்த போன் சும்மா கிடைக்கும் மாதிரி பேசுகிறீர்கள். செத்த போனுக்கும் தெருவில் விலை இருக்கிறது சார். டிஸ்ப்ளே நன்றாக இருந்தால் அதற்கு ஒரு விலை, கேமராவுக்கு ஒரு விலை, சார்ஜிங் போர்டுக்கு ஒரு விலை, சில ஐசியை எடுத்து வேறு போனில் வைப்போம். எல்லாம் எடுத்த பிறகு மிஞ்சும் போர்டைத்தான் கிலோ கணக்கில் ஸ்கிராப்காரர் வாங்குகிறார். அவருக்கும் தங்கம் விலை தெரியும். தங்கம் ஏறினால் மறு வாரம் போர்டு ரேட்டும் ஏறிவிடும்.

உலைக்களம்

இதைத்தான் கணக்கனுக்குச் சொல்ல வந்தேன், ரவி ஒரே வரியில் சொல்லிவிட்டார். தங்கம் விலை ஏறினால் மூலப்பொருள் விலையும் கூடவே ஏறுகிறது. சுரங்கக்காரனுக்கு விலை ஏறினால் அவன் பாறை விலை ஏறாது. மறுசுழற்சிக்காரனுக்கு அவன் வாங்கும் போர்டே தங்கம் விலையில்தான் நிற்கிறது. நடுவில் இருக்கும் மெல்லிய இடைவெளியில்தான் அவன் வண்டி, கூலி, உலை, வட்டி எல்லாம்.

கணக்கன்

சரி, போர்டு கையில் வந்துவிட்டது. அதன் பிறகு ஏன் செலவு?

உலைக்களம்

முதல் செலவு, உள்ளே எவ்வளவு இருக்கிறது என்று தெரிந்துகொள்வது. வெளியாட்கள் யாரும் இதை எண்ணிப் பார்ப்பதில்லை, என் தொழிலே இதுதான்.

பத்து டன் கம்ப்யூட்டர் போர்டு லாட் ஒன்று வருகிறது. விற்பவனுக்குப் பணம் கொடுக்க வேண்டுமானால் அதில் தங்கம் எத்தனை கிராம் என்று தெரிய வேண்டும். மொத்தத்தையும் துண்டாக்கி, ஓடும்போதே குறிப்பிட்ட இடைவெளியில் ஒரு பங்கு பிரித்து, அதைக் கலந்து மறுபடி பிரித்து, சில கிலோவாக்கி, எரித்துச் சாம்பலாக்கி, அரைத்துச் சலிப்போம். செம்பு அரைபடாது, தட்டையாகிச் சல்லடை மேலே நின்றுவிடும். அதைத் தூளோடு சேர்த்தால் கணக்கு கெட்டுவிடும், தனியாக எடை போட்டுத் தனியாகச் சோதிக்க வேண்டும். தூளை ஈய ஆக்சைடோடு உருக்கினால் தங்கமும் வெள்ளியும் ஈயத்துக்குள் இறங்கும். அந்த ஈயக் குண்டை எலும்புச் சாம்பல் அல்லது மெக்னீசியாக் கிண்ணத்தில் சூடு காட்டினால் ஈயம் உறிஞ்சப்பட்டு ஒரு சின்ன மணி மிஞ்சும். நைட்ரிக்கில் வெள்ளியைக் கரைத்துவிட்டு மீதியை நிறுக்க வேண்டும். கடைசியில் தராசில் உட்காருவது சில மில்லிகிராம், அதுதான் பத்து டன்னுக்கும் சாட்சி. லாட்டில் தங்கம் அதிகமுள்ள பழைய பீங்கான் பிராசசர் நாலைந்து கிடந்து, அவை மாதிரிக்குள் விழுந்தாலும் விழாவிட்டாலும் முடிவு மாறிவிடும்.

கணக்குக்கு ஒன்று சொல்கிறேன். விற்பவர் லேப் டன்னுக்கு 162 கிராம் என்கிறது, வாங்குபவர் லேப் 149 என்கிறது. வித்தியாசம் 13 கிராம், பத்து டன்னுக்கு 130 கிராம், கணக்கனின் விலையில் 13 லட்சம். இரண்டும் நேர்மையான லேபாகவே இருக்கலாம். ஒப்பந்தத்தில் சொன்ன வரம்புக்குள் இருந்தால் நடுவில் பிரித்துக்கொள்வார்கள். தாண்டினால் முத்திரை வைத்துப் பாதுகாத்த மூன்றாவது மாதிரி நடுவர் லேபுக்குப் போகும். யார் எண் அதற்குத் தூரமோ அவர் செலவை ஏற்பார். இதெல்லாம் முடிந்து பணம் வர வாரங்கள், சில நேரம் மாதங்கள். அதுவரை போர்டுக்குக் கொடுத்த பணத்துக்கு வட்டி ஓடும், தங்கம் விலையும் ஆடும். சின்ன ஆட்கள் தாக்குப் பிடிக்காமல் போவது பெரும்பாலும் இங்கேதான்.

தேவன்_மொன்றியல்

நான் இருப்பது கியூபெக்கில். ரூயின் நொராண்டா என்ற ஊரில் ஹோர்ன் என்று ஒரு செம்பு உருக்காலை உண்டு. மின்கழிவு போர்டுகள் வட அமெரிக்கா முழுக்க இருந்து அங்கேதான் போகும். காற்றில் ஆர்சனிக் மாகாண அளவுகோல் கனமீட்டருக்கு 3 நானோகிராம், அந்த ஆலைக்கு 100 வரைக்கும் அனுமதி இருந்தது. அது வெளியே வந்ததும் இங்கே பெரிய பிரச்சினையாயிற்று. ஆகவே மறுசுழற்சி என்று சொல்லி ஊரையே நஞ்சாக்குகினம் என்பதுதான் என் கருத்து.

உலைக்களம்

தேவன் அண்ணா, ஆலை சரி, எண்ணும் சரி. ஆனால் ஆர்சனிக் முக்கியமாக வருவது அவர்கள் உருக்கும் செம்புத் தாதுச் செறிவிலிருந்து. போர்டின் பிரச்சினை வேறு. அதில் தீப்பிடிக்காமலிருக்க புரோமின் சேர்த்த பிசின் இருக்கிறது. குறைந்த சூட்டில் எரித்தால் டையாக்சின் என்ற நஞ்சு உண்டாகும். அதனால் வாயுவை மறுபடி மிக அதிக வெப்பத்துக்குக் கொண்டுபோய், பிறகு சட்டென்று குளிர வைக்க வேண்டும். மெதுவாகக் குளிர்ந்தால் மறுபடி சேர்ந்துவிடும். அப்புறம் கழுவி, வடிகட்டி வெளியே விட வேண்டும். உலையை விட இந்த வாயு சுத்திகரிப்புக்குத்தான் இடமும் காசும் போகிறது.

நீங்கள் சொன்ன ஆலை வேலை செய்கிற விதம், போர்டு வந்த பிறகு ஏன் செலவு என்று கணக்கன் கேட்டதற்கும் பதில். அங்கே தங்கத்தைத் தனியாகத் தேடுவதே இல்லை. உருகிய செம்பு தங்கம், வெள்ளி, பல்லேடியம் எல்லாவற்றையும் தனக்குள் இழுத்துக்கொள்ளும், இரும்பும் அலுமினியமும் கண்ணாடி நாரும் கசடாக மேலே மிதக்கும். அந்தச் செம்பைப் பலகையாக வார்த்து உங்கள் மொன்றியல் கிழக்கில் இருக்கும் சி.சி.ஆர். சுத்திகரிப்பு ஆலைக்கு அனுப்புவார்கள். அமிலத் தொட்டியில் மின்சாரம் விட்டால் செம்பு கரைந்து எதிர்ப் பலகைக்குப் போகும், தங்கம் கரையாமல் அடியில் சேறாக விழும். அந்தச் சேற்றிலிருந்துதான் தங்கம். போர்டு வாசலில் இறங்கியதிலிருந்து தங்கக் கட்டி வெளியே வருவதற்குள் எத்தனை கைமாறல், பாருங்கள். ஆனால் இப்படி எடுத்தால் போர்டில் இருப்பதில் 95 சதவீதத்துக்கு மேல் வந்துவிடும். ஹோர்ன், பெல்ஜியத்தில் ஹோபோக்கன், ஸ்வீடனில் ரோன்ஷேர், ஜப்பானில் கோசாக்கா என்று இதைச் செய்யும் ஆலைகள் விரல் விட்டு எண்ணலாம். ஊருக்கு ஊர் கட்ட முடியாத அளவு முதலீடு.

தேவன்_மொன்றியல்

சி.சி.ஆர். வேலைக்குப் போகிற வழியில்தான் இருக்குது. செம்பு ஆலை என்று மட்டும்தான் தெரியும். ஆர்சனிக் தாதுவில் இருந்து வந்தால் என்ன, போர்டில் இருந்து வந்தால் என்ன, அந்த ஊர்ச் சனத்துக்கு ஒன்றுதானே.

பிரபு_ஈரோடு

உலை எல்லாம் எதற்கு? நான் வீடியோ பார்த்து 40 பழைய ரேம் ஸ்டிக்கின் மஞ்சள் விளிம்பை வெட்டி ராஜ திராவகத்தில் போட்டேன். நன்றாகக் கரைந்தது. ஆனால் பாட்டிலில் பச்சைத் தண்ணீர்தான் நிற்கிறது, தங்கம் விழவில்லை. என்ன சேர்க்க வேண்டும்?

உலைக்களம்

பிரபு, முதலில் அதை வீட்டுக்குள் வைக்காதீர்கள், மூடியை இறுக்காதீர்கள், சாக்கடையில் ஊற்றாதீர்கள். அந்தப் பழுப்புப் புகையை இன்னொரு தடவை மூச்சில் இழுத்தால் சில மணி நேரம் கழித்து நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும், அப்போது ஓட நேரம் இருக்காது.

பச்சை என்பது செம்பும் நிக்கலும். விளிம்பில் தங்கத்துக்கு அடியில் நிக்கல், அதற்கடியில் செம்பு. கரையாத செம்பு ஒரு துண்டு பாக்கி இருந்தாலும் கரைந்த தங்கம் திரும்பி அதன் மேலேயே கரும்பொடியாகப் படிந்துவிடும். நீங்கள் பலகைத் துண்டை எடுத்து எறிந்திருந்தால் தங்கம் அதோடு போயிருக்கலாம். கரைசலில் இருக்கிறதா என்று ஒரு சொட்டு எடுத்து ஸ்டானஸ் குளோரைடு விட்டுப் பார்ப்பார்கள், இருந்தால் ஊதாக் கறுப்பாக மாறும்.

கணக்கையும் பாருங்கள். ஒரு ஸ்டிக்கின் மஞ்சள் விளிம்பை எல்லாம் சேர்த்தால் நாலரை சதுர சென்டிமீட்டர். பூச்சு நல்ல கனத்தில், முக்கால் மைக்ரான் என்று வைத்தாலும் ஆறேழு மில்லிகிராம். 40 ஸ்டிக்குக்கும் சேர்த்துக் கால் கிராம். அதற்கு வாங்கிய அமிலம், மிஞ்சிய நஞ்சை முறையாகத் தீர்க்கும் செலவு இரண்டையும் போட்டால் கையில் என்ன நிற்கும்? டெல்லி சீலம்பூரில் அமிலத் தொட்டி வைத்து எடுக்கிறவர்களுக்குக் கட்டுப்படியாவதே, அந்த இரண்டாவது செலவை அவர்கள் கொடுக்காமல் கால்வாய் கொடுப்பதால்தான். சிப்புக்குள் இருக்கும் கம்பியும் பல்லேடியமும் அவர்கள் கையில் பெரும்பாலும் வீண்.

ஜெயந்தி_ஆர்

அப்படியானால் பிரிட்டனில் ராயல் மின்ட் செய்வது? வேல்ஸில் லான்ட்ரிசன்டில் 2024-இல் ஆலை திறந்தார்கள். உருக்குவதே இல்லையாம், அறை வெப்பத்தில் சில நிமிடத்தில் ஒரு கரைசல் தங்கத்தை மட்டும் எடுத்துவிடுமாம். ஆண்டுக்கு 4,000 டன் போர்டு வரை. எக்ஸர் என்ற கனடா நிறுவனத்தின் முறை. இது வந்துவிட்டால் உங்கள் உலைக் கதை முடிந்ததா?

உலைக்களம்

வேதியியல் பக்கம் நல்ல முன்னேற்றம், மறுக்கவில்லை. உலை இல்லாவிட்டால் சின்ன அளவிலும் ஆலை வைக்கலாம், போர்டைக் கடல் தாண்டி அனுப்ப வேண்டாம். ஆனால் செலவு எங்கே என்று இதுவரை பார்த்தோமே: சேகரிப்பு, பிரிப்பு, போர்டுக்குக் கொடுக்கும் விலை, மாதிரி, வட்டி. புதுக் கரைசல் கடைசிப் படியை மட்டும்தான் மாற்றுகிறது. கரைசல் தொட முடியாத இடத்தில், சிப்பின் பிசினுக்குள் இருக்கும் தங்கத்துக்கு என்ன செய்வது என்பதும் இருக்கிறது. 4,000 டன் முழுசாக ஓடினாலும் டன்னுக்கு 150 கிராம் என்று போட்டால் ஆண்டுக்கு 600 கிலோ.

ஜெயந்தி_ஆர்

600 கிலோ ஒரு நாட்டின் நாணயச் சாலைக்குக் குறைவா என்ன? உருக்காலையில் இருந்தவர் உலைக்குச் சாதகமாகப் பேசுகிறீர்களோ என்று தோன்றுகிறது.

உலைக்களம்

இருக்கலாம். ஐந்து வருடம் ஓடட்டும், லாபக் கணக்கைப் பார்த்துப் பேசுவோம்.

சேகர்_வடபழனி

சரி, எனக்குப் பாதி புரிந்தது. இந்தியாவில் சட்டம் ஏதோ வந்ததே, தயாரிப்பாளரே பொறுப்பு என்று?

உலைக்களம்

ஏப்ரல் 2023 முதல் நடைமுறையில் இருக்கும் விதிகள். போன், டிவி விற்கும் கம்பெனி, பதிவு செய்த மறுசுழற்சி ஆலையிடமிருந்து சான்றிதழ் வாங்க வேண்டும். தங்கம், செம்பு, அலுமினியம், இரும்பு இந்த நாலுக்கும் சான்றிதழ் கணக்கு. அதாவது தங்கத்தின் விலைக்கு மேல் இன்னொரு வருமானம் ஆலைக்கு வருகிறது. தங்கம் மட்டும் தாங்காத சேகரிப்புச் செலவை இதுதான் தாங்க வேண்டும். சான்றிதழ் விலை எவ்வளவு நிற்கும் என்பதில்தான் கம்பெனிகளுக்கும் ஆலைகளுக்கும் இழுபறி.

ரிச்சி_ரவி

எனக்கு ஒரு உதவி. கடையில் ஒரு மூட்டை போர்டு சேர்ந்திருக்கிறது. ஐசி எல்லாம் பெயர்த்துக் கொடுத்தால் நல்ல ரேட்டா, அப்படியே கொடுத்தால் நல்ல ரேட்டா?

உலைக்களம்

மறுபடி பயன்படும் ஐசியை மட்டும் எடுங்கள். மற்றதைப் பெயர்க்க வேண்டாம். ஐசி போன போர்டு தரம் பாதியாகிவிடும், வாங்குபவர் பார்த்தவுடனே கீழ் ரகத்தில் போட்டுவிடுவார். பட்டன் போன் போர்டு, ஸ்மார்ட்போன் போர்டு, சார்ஜர் போர்டு மூன்றையும் தனித்தனி மூட்டையாக வையுங்கள். கலந்து கொடுத்தால் மொத்தத்துக்கும் சார்ஜர் போர்டு ரேட் பேசுவார்கள். பேட்டரி ஒன்று கூட உள்ளே போகக் கூடாது, ஷ்ரெடரில் தீப்பிடிக்கும்.